நீங்கள் எனக்கு எப்படி உதவலாம்

கண்டி நகரத்தில், மணிக்கூட்டுக் கோபுரத்துக்குச் சற்றுத் தள்ளி, நகைக்கடை ஒன்றின் மேல்மாடியில் நடாஷாவின் அலுவலகம் இருந்தது. ஐரோப்பாவில் யாராவது ஒரு ஹோட்டல் அறையைப் பதிவு செய்துவிட்டு, அங்கே போனதும் அறை இல்லையென்று கோபத்தில் எழுதினால், அந்தக் கோபத்துக்குப் பதில் எழுதுவது அவளுடைய வேலை. முகம் தெரியாத மனிதர்களைச் சாந்தப்படுத்துவதில் அவள் கெட்டிக்காரி. ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரையும் கூட்ட அறைக்கு அழைத்து, கண்டிக் கிளையை மூடுகிறோம் என்றார்கள். கதவு அட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

வத்தேகம பஸ்ஸில் யன்னல் ஓரம் கிடைத்தும் அவள் வெளியே பார்க்கவில்லை. அப்பா அம்புறோஸ் தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர், இருதய நோயாளி. அம்மா டொரதிக்கு வீடே உலகம். அந்த வீடு நடாஷாவின் தலையில்தான் நின்றது. வீட்டில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த திங்களும் வழக்கம்போலச் சீவி முடித்து, அதே பஸ்ஸில் கண்டிக்குப் போய், வாவியைச் சுற்றி நடந்துவிட்டு வந்தாள்.

அந்த வாரமே முகநூலில் எழுதினாள்: 'வேலை தேடுகிறேன். எந்த வேலையானாலும் பரவாயில்லை. தெரிந்தவர்கள் தயவுசெய்து உதவுங்கள்.'

கும்பிடும் கைகள் நிறைய வந்தன. 'கர்த்தர் வழி திறப்பார்' என்று தேவாலயத்துச் சிநேகிதிகள் எழுதினார்கள். பள்ளித் தோழி ஒருத்தி, 'என்ன வேலைடி வேணும்?' என்று கேட்டாள். 'ஏதாவது' என்று நடாஷா பதில் போட்டாள். அதற்குப் பிறகு அவளிடமிருந்து பேச்சே இல்லை. பிறகு எல்லாம் அடங்கிவிட்டது. எழுதியதற்காகவே வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் ஜெயராஜ் செய்தி அனுப்பினான். 'தங்கச்சி, உங்க போஸ்ட் பார்த்தேன். தாய்லாந்தில் ஒரு கம்பனி. கஸ்டமர் செர்விஸ், சாட்டில் பதில் எழுதுற வேலைதான். டிக்கெட், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் கம்பனி பொறுப்பு.'

அவள் செய்துவந்த வேலையையே யாரோ அளந்து தைத்துக் கொண்டுவந்தது போலிருந்தது. பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பேக்கரியில் சந்தித்தார்கள். இஸ்திரி போட்ட சட்டை, இனிமையான பேச்சு. அவளுக்கு ரோல்ஸும் தேநீரும் வாங்கிக் கொடுத்துவிட்டு, தனக்கு ஒன்றும் வாங்காமல் உட்கார்ந்திருந்தான்.

"வேலை எந்த ஊர்லங்க?"

"மே சொட்னு ஒரு டவுன். அமைதியான இடம். உங்களோட இன்னும் நாலஞ்சு பேர் போறாங்க. பாஸ்போட் கொண்டு வந்தீங்களா?"

அலுவலகத்தில் ஒருமுறை வெளிநாட்டுப் பயிற்சி என்று சொல்லி எடுக்க வைத்த பாஸ்போட், ஒரு பக்கமும் முத்திரை படாமல் அவள் பையில் இருந்தது. விசாவுக்கு வேண்டும் என்று வாங்கிக்கொண்டான். அடையாள அட்டையையும் படம் பிடித்துக்கொண்டான். தன் ஏஜென்சியின் லைசன்ஸ் என்று ஓர் அட்டையைக் காட்டினான்; அதை அவளும் படம் பிடித்துக்கொண்டாள்.

"போற வரைக்கும் யாருகிட்டயும் சொல்லாதீங்க தங்கச்சி. கண்ணு பட்டுரும். பொறாமைக்காரங்க கெடுத்துருவாங்க."

அவன் போன பிறகும் அவள் உட்கார்ந்தே இருந்தாள். எங்கேயோ ஒன்று சரியில்லை என்று மனம் முனகியது. ஆனால் வீட்டுக்குப் போய் 'வேலை போச்சு' என்று சொல்வதை நினைத்தபோது, தெரியாத ஊர்ப் பயத்தைவிடத் தெரிந்த வீட்டுப் பயம் பெரிதாக இருந்தது.

லதுஷா முன்பு அவளுடைய குழுத் தலைவியாக இருந்தவள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. இப்போது பேராதனைப் பல்கலைக்கழகத்தில், படித்து முடிக்கும் மாணவர்களுக்கு வேலை தேட வழிகாட்டும் பிரிவில் இருக்கிறாள். அவள் தானே போனில் கூப்பிட்டாள்.

"உன்ர போஸ்டைப் பாத்தனான். எனக்குக் கோவம்தான் வந்தது. நாளைக்கு இஞ்ச வா, மத்தியானம் கன்டீனில இருப்பன்."

பல்கலைக்கழகக் கன்டீனில், பிளாஸ்டிக் கதிரைகளுக்கு நடுவே லதுஷா மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தாள்.

"நான் உனக்கு உதவ வேணும் எண்டு நினைக்கிறன். உன்ர போஸ்டை வாசிச்சிட்டு இப்ப நான் என்ன செய்ய வேணும்? சொல்லு."

நடாஷா யோசித்தாள். "எங்கயாவது வேலை இருந்தா சொல்லணும்."

"எங்க? என்ன வேலை? ஆரிட்டக் கேக்கிறது? அவ்வளவையும் நானே யோசிச்சுப் பிடிக்க வேணும். சனத்துக்கு மனமில்லாமல் இல்லை, நடாஷா. என்ன செய்யிறது எண்டு தெரியாமல்தான் கும்பிட்டுப்போட்டுப் போகுதுகள். 'ஏதாவது' எண்டு கேட்டா, ஆர் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் வாங்க வேண்டி வரும்."

கடைசி வாக்கியம் நடாஷாவின் நெஞ்சில் போய் இடித்தது.

"இணையத்தில ஒரே ஒரு பக்கம் செய்வம். ஆருக்கும் லிங்கை அனுப்பினா, போன்ல ரெண்டு நிமிசத்தில வாசிச்சு முடிக்க வேணும். முதல்ல, நீ ஆர்? ஒரு வரி."

'வாடிக்கையாளர் சேவை' என்று நடாஷா தட்டினாள். லதுஷா அழித்தாள். "அது எல்லாரும் எழுதுறது. நீ உண்மையா என்ன செய்தனி?"

வெகுநேர முயற்சிக்குப் பிறகு வந்தது: 'கோபத்தில் எழுதும் ஹோட்டல் விருந்தினருக்குப் பதில் எழுதி, அவர்களைத் திரும்ப வரவைப்பவள். தமிழ், சிங்களம், ஆங்கிலம்.'

அதற்குக் கீழே 'என்னிடம் கேளுங்கள்' என்று ஒரு பகுதி. தான் பிறருக்கு எதில் உதவலாம் என்பது அதில் வந்தது. இணையத்தில் வந்த மோசமான விமர்சனத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது, புதிய ஆளுக்குப் பதில் எழுதப் பழக்குவது எப்படி. "கேக்கிற ஆள் மட்டுமில்லை, குடுக்கிற ஆளும்தான் எண்டு தெரிய வேணும்" என்றாள் லதுஷா.

பிறகு 'நீங்கள் எனக்கு எப்படி உதவலாம்'. இங்கேதான் லதுஷா விடவே இல்லை. ஒவ்வொரு வேண்டுகோளும் இன்ன ஆளுக்கு என்று இருக்க வேண்டும், அவர் செய்து முடிக்கக்கூடிய சின்னக் காரியமாகவும் இருக்க வேண்டும் என்றாள். 'நீங்கள் கண்டி அல்லது திகன பக்கம் ஹோட்டலில் வேலை செய்பவராக இருந்தால்: பதிவுகளைக் கவனிப்பவரின் பெயரை மட்டும் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்.' 'வீட்டிலிருந்தே வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்பவராக இருந்தால்: பத்து நிமிடம் போனில் பேச முடியுமா?' 'முன்னர் என்னோடு வேலை செய்தவராக இருந்தால்: என் வேலையைப் பற்றி இரண்டு வரி எழுதித் தாருங்கள்.' எது வேண்டாம் என்றும் ஒரு வரி. அதற்குக் கீழே, பிறருக்கு அப்படியே வெட்டி ஒட்டி அனுப்ப ஒரு சின்னக் குறிப்பு, மின்னஞ்சல், கடைசியாகத் திருத்திய திகதி.

"வீட்டு முகவரி, அடையாள அட்டை நம்பர், பிறந்த திகதி ஒண்டும் போடாதை. இந்த லிங்க் எவன்ர கையுக்கும் போகும்."

நடாஷாவின் கை விசைப்பலகையில் நின்றுவிட்டது. அதெல்லாம் ஏற்கனவே ஒருவன் கையில் இருக்கிறது.

"என்னடி?"

"ஒண்ணுமில்லக்கா."

லதுஷா அதை நம்பவில்லை. "சரி. வேலையை விடு. உனக்கு இப்ப எதைத் தெரிஞ்சுகொள்ள வேணும் எண்டு இருக்கு? ஆரிட்டயாவது ஒரே ஒரு கேள்வி கேக்கலாம் எண்டா எதைக் கேப்பாய்?"

சுற்றிலும் மாணவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரிடமும் சொல்லாதே என்று ஜெயராஜ் சொன்னது நடாஷாவின் நினைவுக்கு வந்தது. வாயால் சொல்ல முடியாததை அவள் தட்டினாள்: 'தாய்லாந்து, மே சொட் பகுதியில் சாட் வேலைக்குப் போனவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால்: அவரோடு இந்த வாரமே என்னைப் பேச வையுங்கள்.'

லதுஷா வாசித்தாள். அப்படிப் போனவர்களைப் பற்றி அவள் ஏதோ கேள்விப்பட்டிருந்தாள். திட்டவில்லை. "பாஸ்போட் எங்க?" என்று மட்டும் கேட்டாள். நடாஷா அழத் தொடங்கினாள்.

அவள் அழுதபடியே எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் வரை லதுஷா காத்திருந்தாள். பிறகு பக்கத்தை 'பார்க்க மட்டும்' என்று மாற்றி, கணக்கு இல்லாதவருக்கும் திறக்கிறதா என்று தன் போனில் சோதித்தாள். "எல்லாருக்கும் ஒரே நேரத்தில அள்ளி வீசாதை. ஒவ்வொரு ஆளா அனுப்பு. 'உங்களிட்ட இதைத்தான் கேக்கிறன்' எண்டு எந்த வரி எண்டதையும் சொல்லி அனுப்பு."

அன்று மாலையே பதில்கள் வரத் தொடங்கின. 'ஏதாவது' என்றதும் காணாமல் போன அந்தப் பள்ளித் தோழி, திகனயில் ஒரு ஹோட்டல் மனேஜரின் பெயரை அனுப்பினாள். மறுநாள் காலை மடவளையிலிருந்து பஹ்மி போனில் கூப்பிட்டான். பழைய அலுவலகத்தில் அவளுக்குப் பக்கத்து மேசைக்காரன்.

"நடாஷா, அந்தத் தாய்லாந்து வரிய ஏன் போட்டீங்க?" குரலில் பதற்றம். "எங்கட மாமாட மகன் இன்ஷாப் அங்க ஈந்துதான் தப்பி வந்தான். அவன் யாரோடயும் அதப்பத்திப் பேசுறதில்ல. நான்தான் அவனுக்கு ஒங்கட பக்கத்தக் காட்டின. வாசிச்சிட்டு, நான் பேசுறேன்டு அவனே சொன்னான். போனக் குடுக்கிறேன்."

இன்ஷாபின் குரல் மெல்லியதாக, ஒவ்வொரு சொல்லையும் சோதித்து வைப்பது போல வந்தது.

"அக்கா, விசா என்ன விசா? வேல விசாவா, சுத்திப் பாக்கிற விசாவா?"

"தெரியாதுங்க."

"டிக்கெட் போறதுக்கு மட்டுமா?"

"அதும் தெரியாது."

"யாருக்கும் சொல்லாதீங்கன்டு சொன்னாங்களா?"

"ஆமாங்க, சொன்னாரு."

"எனக்கிட்டயும் அதத்தான் சொன்ன. மே சொட் வரைக்கும் நல்ல வாகனம். பொறகு, கம்பனி அந்தப் பக்கம்டு சொல்லி ஆத்துல ஓடத்துல ஏத்தின. எறங்கின எடம் தாய்லாந்து இல்ல, மியன்மார். பெரிய மதில், துவக்கோட காவல். போனப் பறிச்சிட்டாங்க. சாட் வேலதான் அக்கா, பொய் இல்ல. பொம்பளப் பேர்ல ஆம்பளைங்களுக்கு எழுதி, பழகி, அவங்கட காச ஏமாத்தி எடுக்கணும். முடியாதுன்டா..." அதை அவன் முடிக்கவில்லை. "நல்லா எழுதுறவங்களத்தான் அவங்க கூடுதலாத் தேடுற. நீங்க போகாதீங்க."

போனை வைத்ததுமே திரை மறுபடி ஒளிர்ந்தது. ஜெயராஜ்.

'தங்கச்சி உங்க பக்கம் பார்த்தேன். நல்லா இருக்கு. மே சொட் பத்தி ஏன் ஊர் முழுக்க கேட்கிறீங்க? டிக்கெட் போட்டாச்சு. உங்க வீடு வத்தேகமையில் எங்கேனு எனக்குத் தெரியும். அப்பாவுக்கு நெஞ்சு வருத்தம்தானே?'

குசினியில் அம்மா தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. வாசலில் அப்பா செருப்பை உதறினார். இருவரையும் யாரோ வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பது போல நடாஷாவுக்குத் தோன்றியது. எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டாள். பட்டப்பகலில் கதவைப் பூட்டும் மகளை டொரதி வினோதமாகப் பார்த்தாள்.

"என்னா புள்ள, வேலைக்குப் போகலியா?"

"வேல இல்லம்மா. மூடிட்டாங்க." மிச்சத்தையும் சொன்னாள். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று அவள் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். அவரோ, "இத்தன நாளு தனியா வச்சுக்கிட்டு இருந்தியா?" என்றார். அவ்வளவுதான். அவள் பயந்திருந்த இடி, விழாமலே போய்விட்டது.

அடுத்துக் கேட்க வேண்டியது பொதுப் பக்கத்தில் எழுதக்கூடிய விஷயம் இல்லை, அந்தப் பக்கத்தை ஜெயராஜ் பார்க்கிறான். மே சொட் வரியை அழித்தாள். ஆனால் கேட்கும் விதம் அவளுக்குப் பிடிபட்டிருந்தது. லதுஷாவுக்குத் தெரிந்த மங்களேஸ்வரி என்ற அம்மா, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் உத்தியோகம். அவருக்கு எழுதினாள்: 'இந்த ஆள் எனக்குக் காட்டிய லைசன்ஸ் இலக்கம் இது. உண்மையா என்று பார்த்துச் சொல்ல முடியுமா? பாஸ்போட்டைத் திருப்பித் தராவிட்டால் நான் முதலில் எங்கே போக வேண்டும்?' பஹ்மிக்கு: 'சனிக்கிழமை காலை பேக்கரிக்கு என்னோடு வர முடியுமா? பேச வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.'

மங்களேஸ்வரி மத்தியானமே கூப்பிட்டார். "பிள்ளை, அந்த இலக்கம் வேற ஒரு ஏஜென்சியின்ர. அதுவும் எப்பவோ காலாவதி. தனியப் போய்ச் சந்திக்காதேங்கோ. தராட்டி உடனே பொலிஸில முறைப்பாடு போட்டு, பாஸ்போட்டை ரத்துச் செய்யலாம். அவனிட்ட இருந்தாலும் அது செத்த புத்தகம். பயப்பிடாதேங்கோ எண்டு சொல்லமாட்டன். பயத்தோடயே செய்யுங்கோ."

சனிக்கிழமை பேக்கரி நிறையக் கூட்டம். டிக்கெட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்று அவள் எழுதியதை நம்பி வந்து, ஜெயராஜ் அதே மேசையில் இருந்தான். நடாஷாவுக்கு ஒரு பக்கம் பஹ்மி, மறுபக்கம் லதுஷா. இன்ஷாப் வருவான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு பின்னால் வந்து நின்றான்.

"பாஸ்போட்டத் தாங்க" என்றாள் நடாஷா. குரல் உடைந்தது. மறுபடி சொன்னாள். இந்த முறை பக்கத்து மேசைக்கும் கேட்டது.

"இவங்கல்லாம் யாரு?" ஜெயராஜ் சிரித்தான். "விசாவுக்குக் குடுத்தாச்சு. ஒடனே எடுக்க ஏலாது."

"எந்தத் தூதரகத்தில?" என்றாள் லதுஷா. அவன் அவளைப் பார்க்கவே இல்லை. நடாஷாவை மட்டும் பார்த்து, மெதுவாக, "அப்பா சொகமா?" என்றான்.

அவளுக்கு ஓடிவிடத் தோன்றியது. அப்போது இன்ஷாப் முன்னால் வந்து, சட்டைக் கையை மேலே சுருட்டி, முன்கையை மேசையில் வைத்தான். தோலில் வரிசையாக வட்டமான சூட்டுத் தழும்புகள். பேக்கரிக்காரர் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். இரண்டு மூன்று பேர் திரும்பினார்கள்.

ஜெயராஜின் கண் தழும்பிலிருந்து கதவுக்குப் போனது. பையைத் திறந்து பாஸ்போட்டை மேசையில் எறிந்தான். பையின் வாயில் இன்னும் சில பாஸ்போட்டுகள் தெரிந்தன. நாற்காலி கவிழ எழுந்து, பஸ் நிலையக் கூட்டத்தில் கலந்துவிட்டான்.

அங்கிருந்து நேரே பொலிஸுக்குப் போனார்கள். அவன் எண், செய்திகள், படம், பையில் கண்ட பாஸ்போட்டுகள் எல்லாவற்றையும் நடாஷா சொன்னாள். எழுதிக்கொண்ட சார்ஜன்ட், தேடுகிறோம் என்றார். பிடித்தோம் என்று இன்றுவரை தகவல் இல்லை.

உதவிய ஒவ்வொருவருக்கும் என்ன நடந்தது என்று அவள் தனித்தனியாக எழுதி, நன்றி சொன்னாள். அந்தச் செய்தி கைமாறிக் கைமாறி மேலே தோட்டத்துக்கும் போயிருக்க வேண்டும். மழை பிடித்திருந்த ஒரு காலையில், கறுப்பையா என்ற தோட்டத் தொழிலாளி குடையை மடக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். அவர் மகன் போன வாரம் அதே ஜெயராஜ் சொன்ன வேலைக்குப் போயிருந்தான்.

"ஏதாவது செய்ங்கம்மா" என்றார்.

'ஏதாவது' என்ற சொல்லின் கனம் நடாஷாவுக்குத் தெரியும். அவரைக் கதிரையில் உட்கார வைத்தாள். "மகன் கடைசியா எங்க இருந்து பேசினாருங்க?"

"பேங்கொக்குன்னான். மத்த ஆளுங்க வர்ற வரைக்கும் ஓட்டல்ல இருக்கச் சொல்லியிருக்காங்களாம்."

இன்னும் ஆற்றைக் கடக்கவில்லை. அவள் உடனே எழுதினாள். மங்களேஸ்வரிக்கு: பேங்கொக்கில் நம் தூதரகத்தில் இன்றே பேசக்கூடியவர் யார்? இன்ஷாபுக்கு: இந்த எண்ணுக்கு நீங்களே ஒரு குரல் செய்தி அனுப்ப முடியுமா? உங்கள் குரலை அவர் நம்புவார்.

இன்ஷாப் அனுப்பினான். வாகனம் வந்தால் ஏறாதே, பையை விட்டாலும் விடு, வாசலில் டெக்சி பிடி, தூதரகம் என்று சொல்லு. அதற்குள் தூதரகத்தின் எண்ணும் முகவரியும் மங்களேஸ்வரியிடமிருந்து வந்து சேர்ந்தன. குரல் செய்திக்குக் கீழே, அவன் கேட்டுவிட்டான் என்று காட்டும் நீல நிறக் கோடுகள் விழ மத்தியானமாகிவிட்டது. அதுவரை கறுப்பையா தன் முன்னே வைத்த தேநீரைத் தொடவில்லை. டொரதி செபமாலையை உருட்டினாள். பின்னேரம் கறுப்பையாவின் போன் அடித்தபோது யாரும் எடுக்கத் துணியவில்லை. கடைசியில் அம்புறோஸ்தான் எடுத்தார்.

"அப்பா இருக்காரா?" என்று ஓர் இளைஞன் குரல் கேட்டது. "தூதரகத்து வாசல்ல நிக்கிறேன்."

அவன் ஊர் வந்து சேர்ந்துவிட்டான். அவனோடு அதே ஹோட்டலில் இருந்த இன்னொரு பையன் வாகனத்தில் ஏறியிருந்தான். அவனைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

நடாஷா இப்போது திகன ஹோட்டலில் விருந்தினர் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறாள், மூன்று மாத ஒப்பந்தம். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. ஹோட்டல் வரியை அழித்துவிட்டு, காணாமல் போன பையனின் ஊரார் யாரையாவது தெரிந்தால் தன்னோடு பேச வைக்கும்படி எழுதியிருக்கிறாள். வேலை விட்டு வரும்போது முச்சக்கரவண்டி ஏதாவது தன்னருகே வேகம் குறைத்தால், அவள் இன்னும் கடைகளின் பக்கம் ஒதுங்கி, ஆட்கள் நடுவே நடக்கிறாள்.